ஸ்கிரீன்ஷாட்டை நீக்கச் சொன்ன டீம் லீட் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டீம் லீட் அவர்களுக்கும் கிளை மேலாளர் அவர்களுக்கும்,

திங்கட்கிழமை காலை நம் டீம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. "வியாழன் மீட்டிங் ஸ்கிரீன்ஷாட் யார்கிட்டயும் இருக்கக் கூடாது. IMG-20260108-WA0017 உடனே டெலிட் பண்ணுங்க. யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க. இதப் பத்தி ஆபீஸ்ல பேச வேண்டாம். ஷிஃப்ட் முடிஞ்சதும் கேலரி செக் பண்ணுவோம்." அதன் கீழே கட்டை விரல்கள் வரிசையாக விழுந்தன. நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்று மதியம் கூப்பிட்டுக் கேட்டீர்கள். கேபின் வாசலில் நின்று இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற காரணம் இல்லை அது. பேசக் கூடாது என்று நீங்களே சொல்லிவிட்டதால், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரும் உங்கள் பெயரும் இதில் இல்லை.

அந்தப் படத்தில் என்ன இருந்தது என்பதை, நம் குரூப்பில் இல்லாதவர்களுக்காக முதலில் சொல்கிறேன். வியாழக்கிழமை மாலை லீட்கள் மட்டும் கூடும் வாராந்திர ஆன்லைன் மீட்டிங். பொங்கல் வாரத்துக்கு ஷிஃப்ட் பிரிப்பதற்காக நீங்கள் எக்செல் ஷீட்டைத் திறந்து காட்டியிருக்கிறீர்கள். டார்கெட் எண்கள் இருந்த ஷீட்டை மட்டும் காட்டியிருக்கலாம். முழு ஸ்கிரீனையும் ஷேர் செய்ததால் பக்கத்தில் திறந்து கிடந்த ஆட்கள் பட்டியலும் சேர்ந்து தெரிந்தது. இன்னொரு லீட், டார்கெட்டைத் தன் ஆட்களுக்குச் சொல்லும் அவசரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, லேப்டாப்பில் இருந்த வாட்ஸ்அப் வெப் வழியாக நம் குரூப்பில் போட்டுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இடது பக்கம் என்ன இருந்தது என்று அவர் கவனிக்கவே இல்லை என்பதை நம்புகிறேன்.

இடது பக்கம் இருந்தது எங்கள் பெயர்கள். பெயருக்கு நேரே லீவு நாட்கள். அதற்கு அடுத்து 'குறிப்பு' என்று ஒரு பத்தி. லீவு கேட்கும்போது உங்களிடம் தனியாக வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்ன காரணங்கள் எல்லாம் அந்தப் பத்தியில் வரிவரியாக இருந்தன. யாருக்கு என்ன வைத்தியம் நடக்கிறது, யார் வீட்டில் என்ன வழக்கு, யாருக்கு எங்கே கடன். மற்றவர்களின் வரிகளை நான் இங்கே சொல்ல மாட்டேன். அது அவர்களுடையது. என் வரியை நான் சொல்லலாம். அதில் இருந்தது இது: "தைல கல்யாணப் பேச்சு. வைகாசிக்கு மேல நிக்க மாட்டாங்க. சீனியர் போஸ்ட்டுக்கு வேண்டாம்."

தை மாதம் பெண் பார்க்க வருகிறார்கள், ஒரு சனிக்கிழமை லீவு வேண்டும் என்று உங்களிடம் சொன்னது நான்தான். வேலையை விடுவேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. சீனியர் பதவிக்கு நான் விண்ணப்பித்திருப்பதும், அதற்கு இன்னும் பதில் வராததும் உங்களுக்குத் தெரியும்.

இது சென்னையாக இருந்தால் ஒருவேளை அந்தப் படம் நாற்பது பேரோடு நின்றிருக்கும். நாம் இருப்பது காரைக்குடியில். நம் ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள் கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், தேவகோட்டை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வேனில் வருகிறவர்கள். பாதிப் பேர் ஒருவருக்கொருவர் ஏதோ ஒரு வழியில் சொந்தம். மீதிப் பேர் ஒரே கல்லூரி. அந்தக் குரூப்பில் வேன் டிரைவர் அண்ணன் இருக்கிறார். வேலையை விட்டுக் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் போன பழைய ஆட்களும் இருக்கிறார்கள். யாரையும் யாரும் நீக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டையிலிருந்து என் பெரியம்மா அம்மாவுக்கு போன் செய்து, "புள்ள வேலய விடப்போகுதாமே, மாப்பிள்ள வீட்டுல அப்படியா பேசியிருக்கீக?" என்று கேட்டார். அதாவது உங்கள் செய்தி வருவதற்கு ஒரு நாள் முன்பே அந்த வரி நம் குரூப்பைத் தாண்டிவிட்டது. அம்மா என்னிடம் அதைக் கேட்டபோது என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேலைக்குப் போகிற பெண் வேண்டும் என்று சொல்லித்தான் அவர்கள் வரவே சம்மதித்திருந்தார்கள்.

இனி உங்கள் செய்திக்கு வருகிறேன். நீக்கினால் போய்விடும் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். போகாது.

நீங்கள் குறிப்பிட்ட IMG-20260108-WA0017 என்பது உங்கள் போனில் அந்தப் படத்துக்கு இருக்கும் பெயர். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் வரும் படங்களுக்கு அந்தத் தேதியையும், அன்றைக்கு அந்த போனுக்கு வந்த வரிசையை ஒட்டிய ஓர் எண்ணையும் போட்டுப் பெயர் வைக்கிறது. அன்று உங்கள் போனில் பதினேழு என்றால் என் போனில் அது நான்காக இருந்தது. பக்கத்து சீட் அக்கா, நீங்கள் சொன்னதற்குக் கட்டுப்பட்டு, அந்தப் பெயரைத் தேடி நீக்கியிருக்கிறார். அவர் நீக்கியது கணுப்பொங்கல் கோலப் படம். நம் ஸ்கிரீன்ஷாட் அவர் கேலரியில் வேறு எண்ணில் அப்படியே இருந்தது.

சரியான படத்தையே கண்டுபிடித்து நீக்கினாலும், சாட்டில் "Delete for me" என்று கொடுத்தால் அவரவர் போனிலுள்ள சாட்டிலிருந்து மட்டும்தான் அது போகும். கேலரியிலிருந்தும் நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் இல்லாவிட்டால் படம் போனில் தங்கிவிடும். கூகுள் போட்டோஸில் வாட்ஸ்அப் படங்களையும் பேக்கப் செய்யும்படி வைத்திருப்பவர்களுக்கு அதன் நகல் கூகுள் கணக்கில் இருக்கும். அங்கே நீக்கினாலும் குப்பைத் தொட்டியில் அறுபது நாள் கிடக்கும். ஐபோனில் "Recently Deleted" என்ற இடத்தில் முப்பது நாள். வாட்ஸ்அப்பின் சொந்த பேக்கப் தினமும் நள்ளிரவுக்குப் பிறகு ஓடும்படி பலர் வைத்திருக்கிறார்கள். வியாழன் இரவு அந்தப் படத்தையும் சேர்த்தே அது எடுத்துக்கொண்டிருக்கும். லீட்களின் லேப்டாப்பில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை யாராவது பார்த்தீர்களா? படம் கிளம்பிய இடமே அந்த லேப்டாப்தான். செய்தியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஒன்று செய்திருக்கலாம். அனுப்பியவர் "Delete for everyone" கொடுத்திருந்தால் எல்லோருடைய சாட்டிலிருந்தும் படம் போயிருக்கும். அதற்கு இப்போது ஏறக்குறைய இரண்டரை நாள் அவகாசம் இருக்கிறது. குரூப் அட்மினுக்கு மற்றவர்கள் போட்ட செய்தியையும் எல்லோருக்கும் சேர்த்து நீக்கும் வசதி உண்டு. நம் குரூப்பின் அட்மின் நீங்கள். வியாழன் மாலை ஏழு மணிக்கு முன்பே நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டீர்கள். அனுப்பிய லீட்டுக்கு, "இத ஏன் போட்டீங்க" என்று தனியாகச் செய்தியும் அனுப்பியிருக்கிறீர்கள். அவரே இதைச் சொன்னார். அப்போதே ஒரு விரலால் அழுத்தியிருந்தால், கேலரியில் ஏறியவை போக மிச்சத்தையாவது தடுத்திருக்கலாம். படத்தைத் திறக்காத பலருக்கு அதில் என்ன இருந்தது என்றே தெரியாமல் போயிருக்கும். வெள்ளி போனது. சனி, ஞாயிறு போனது. அவகாசம் ஞாயிறு அதிகாலையோடு முடிந்தது. நீங்கள் எழுதியது திங்கள் காலை. கையில் இருந்த வழியை விட்டுவிட்டு, எங்கள் கையில் இல்லாத வேலையை எங்களிடம் கொடுத்திருக்கிறீர்கள். செய்தி வந்தபிறகுதான், அதுவரை படத்தைக் கவனிக்காதவர்களும் மேலே நகர்த்தித் தேடிப் பார்த்தார்கள் என்பது வேறு கதை.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. குரூப்பில் போட்ட ஒரு செய்தியை யார் யார் பார்த்தார்கள் என்பது போட்டவருடைய போனில் "Info" என்ற இடத்தில் பெயரோடும் நேரத்தோடும் தெரியும். நீலக் குறியை நிறுத்தி வைத்திருப்பவர்கள் பெயர்கூட குரூப்பில் மறையாது. எங்களைப் பற்றிய விவரம் யாருக்கெல்லாம் போனது என்பதற்கு இருக்கும் ஒரே நேர்மையான பதிவு அதுதான். அனுப்பிய லீட் உங்கள் சொல்லைக் கேட்டு அந்தச் செய்தியை நீக்கினால் அந்தப் பட்டியலும் கூடவே போய்விடும். நாளைக்கு இன்னொருவர் வீட்டில் இன்னொரு பெரியம்மா போன் செய்யும்போது, இது எங்கிருந்து போனது என்று கேட்க வழி இருக்காது. அவர் இன்னும் நீக்கவில்லை என்று நினைக்கிறேன். தயவுசெய்து அதற்கு முன் அந்தப் பட்டியலை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

என் வரியும் அப்படித்தான். அந்தப் படம் எல்லாப் போனிலிருந்தும் போய்விட்டால், "சீனியர் போஸ்ட்டுக்கு வேண்டாம்" என்று எழுதப்பட்டிருந்ததற்கு என்னிடம் எந்தச் சான்றும் இருக்காது. ஷீட் உங்களிடம்தான் இருக்கிறது. அதில் ஒரு கட்டத்தை மாற்றி எழுத ஒரு நிமிடம் ஆகாது. நீங்கள் அப்படிச் செய்வீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுக்காதீர்கள் என்கிறேன். அதனால் நான் செய்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: என் பெயரும் தலைப்பு வரிசையும் மட்டும் தெரியும்படி படத்தை வெட்டி ஒரு நகல் வைத்திருக்கிறேன். மற்றவர்கள் வரிகளை மார்க்கரால் கறுப்படிக்காமல் வெட்டியே எடுத்தேன், ஏனென்றால் சில போன்களில் அந்தக் கறுப்பு முழுதாக மறைக்காது. வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எழுத்து தெரியும். முழுப் படத்தை என் போனிலும் பேக்கப்பிலும் நீக்கிவிட்டேன். மற்றவர்கள் வரிகளை நான் வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை. என்னைப் பற்றிய வரியை நீக்கச் சொல்ல உங்களுக்கும் இல்லை.

அடுத்து கேலரி செக். திங்கள் மாலை ஷிஃப்ட் முடிந்து வேன் ஏறுவதற்கு முன் நான்கு பெண்களின் போன் வாங்கிப் பார்க்கப்பட்டது. கம்பெனி கொடுத்த போன் இல்லை. அவர்கள் சம்பளத்தில் வாங்கிய போன். ஒருத்தி கையில் கொடுத்துவிட்டு, திருப்பி வாங்கும்வரை தரையைப் பார்த்தபடி நின்றாள். பார்த்தவர் விரல் எந்தப் படத்தில் எத்தனை நேரம் நின்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேலரியைப் புரட்டுவதால் கூகுள் கணக்கிலோ, பேக்கப்பிலோ, வேறொருவருக்கு ஃபார்வர்ட் ஆனதிலோ ஒன்றும் தெரியவராது. ஒரு தனிப்பட்ட விவரம் வெளியே போனதைச் சரிசெய்கிறேன் என்று இன்னும் நான்கு பேரின் தனிப்பட்ட விவரங்களைத் திறந்து பார்த்ததுதான் நடந்தது.

நாம் என்ன வேலை செய்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். வெளியூர் மருத்துவமனைகளின் பில்லையும் இன்சூரன்ஸ் கோரிக்கைகளையும் சரிபார்க்கிறோம். புரொடக்ஷன் ஃப்ளோருக்குள் போன் கொண்டு போகக் கூடாது. லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போகிறோம். பேனாவும் துண்டுச்சீட்டும் மேசை மேல் இருந்தால் மெமோ. யாரோ ஒரு ஊரில் யாரோ ஒரு நோயாளியின் பெயரைக் காக்க இவ்வளவு. சரியான ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. அதே கட்டிடத்தில் எங்கள் வைத்திய விவரம் எந்தப் பாஸ்வேர்டும் இல்லாத ஒரு ஷீட்டில், ஷிஃப்ட் பட்டியலுக்கு அடுத்த பத்தியில் கிடக்கிறது. இங்கே நகரத்தார் வீடுகளில் ஒரே வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றி எத்தனை புள்ளி, அதாவது கல்யாணமான தம்பதி, இருந்தாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி அறை, தனிப் பூட்டு. அந்த ஷீட்டில் எல்லா அறையும் ஒன்றாகத் திறந்து கிடந்தது. ஷிஃப்ட் பிரிக்க யார் எந்தத் தேதியில் வர மாட்டார் என்பது போதும். ஏன் என்பது எதற்கு?

சட்டத்தை நான் பெரிதாக இழுக்க விரும்பவில்லை, இருந்தும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். 2011-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளிலேயே ஒருவரின் உடல்நிலையும் மருத்துவப் பதிவுகளும் அதிகக் கவனத்தோடு காக்க வேண்டிய தகவல்களில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், இப்படி ஒரு கசிவு நடந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தக் கடமை நடைமுறைக்கு வர 2027 மே வரை காலம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே இன்றைக்கு அதைக் காட்டி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். சட்டம் வந்தபிறகு செய்யப்போவதை இப்போதே செய்ய யாரும் தடுக்கவும் இல்லை. திருமணத்தைக் காரணமாக்கி ஒரு பெண்ணின் வேலையைத் தொடுவதைப் பற்றி: ராணுவச் செவிலியர் ஒருவர் கல்யாணம் செய்துகொண்டதால் பணியிலிருந்து நீக்கப்பட்ட வழக்கில், அது அப்பட்டமான பாலினப் பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் சொல்லி, அறுபது லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அது அரசுப் பணி, நம்முடையது தனியார் நிறுவனம். அந்தத் தீர்ப்பு அப்படியே நமக்குப் பொருந்தும் என்று நான் வாதாடவில்லை. நீங்கள் அந்தக் கட்டத்தில் எழுதியது எந்த வகைக் காரியம் என்று தெரிந்துகொள்ள அது போதும்.

ஐந்து நாளாக யாரும் எங்களிடம் வந்து, உங்கள் விவரம் இப்படி வெளியே போய்விட்டது என்று சொல்லவில்லை. அன்று லீவிலிருந்த இருவருக்கு அந்தப் பட்டியலில் தங்கள் பெயர் இருந்ததே தெரியாது. ஒருவருக்கு நான்தான் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "எங்க மாமியார் வீட்டுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று. என்னிடம் பதில் இல்லை. அந்த Info பட்டியலைப் பார்த்தால் பாதிப் பதிலாவது கிடைக்கும்.

நான் கேட்பது இவை.

பட்டியலில் பெயர் இருந்த ஒவ்வொருவரையும் பொங்கல் விடுமுறைக்கு முன் தனித்தனியாகக் கூப்பிட்டு, அவருடைய வரியில் என்ன இருந்தது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லுங்கள். பெண்களிடம் பேசும்போது ஹெச்ஆர் அக்கா கூட இருக்கட்டும்.

அனுப்பிய லீட்டின் போனில் உள்ள பார்வையாளர் பட்டியலையும், அந்த ஷீட்டின் வியாழக்கிழமை நிலையையும் ஹெச்ஆரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதன்பிறகு லேப்டாப்பிலும் போனிலும் உள்ள படத்தை நீக்கட்டும். தவறுதலாக அனுப்பியதற்காக அவருக்கு மெமோ கொடுக்க வேண்டாம். கொடுத்தால் அடுத்த முறை இப்படி நடந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

"பேச வேண்டாம்" என்ற வரியைக் குரூப்பிலேயே திரும்பப் பெறுங்கள். புதிய செய்தி போடுங்கள்: எந்தப் படம் என்று கோப்பின் பெயரால் சொல்லாமல் நாளையும் நேரத்தையும் வைத்துச் சொல்லுங்கள், சாட், கேலரி, கூகுள் போட்டோஸ், அதன் குப்பைத் தொட்டி நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள், வெளியே யாருக்காவது அனுப்பியிருந்தால் தண்டனை இல்லை, ஹெச்ஆரிடம் சொன்னால் போதும் என்று எழுதுங்கள். வேலையை விட்டுப் போனவர்களிடம் நீங்களே தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு உத்தரவு போட முடியாது. அதன்பிறகு அவர்களைக் குரூப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கேலரி பார்ப்பது இன்றோடு நிற்க வேண்டும். போனைக் கொடுத்த நால்வரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவும் போனை வாங்கிப் பார்த்தவரே கேட்க வேண்டும்.

ஷீட்டிலிருந்து 'குறிப்பு' பத்தியை எடுத்துவிடுங்கள். லீவுக் காரணம் ஹெச்ஆரிடம் மட்டும் இருக்கட்டும். மீட்டிங்கில் முழு ஸ்கிரீனையும் ஷேர் செய்யாமல், காட்ட வேண்டிய ஒரு விண்டோவை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டுங்கள்.

என் சீனியர் பதவி விண்ணப்பத்தை உங்களைத் தவிர்த்து கிளை மேலாளரும் ஹெச்ஆரும் பார்த்து, எந்த அளவுகோலில் முடிவு செய்தார்கள் என்று இந்த மாதம் 31-ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் டீமில் ஒருத்தி
காரைக்குடி, 13 ஜனவரி 2026